முழுப் பட்டியலையும் தேடாமல் ஹேஷ் டேபிள் எப்படிக் கண்டுபிடிக்கிறது? எட்டு பின்கோடுகளை வைத்து ஒரு விளக்கம்

கடலூரிலும் புதுச்சேரியிலும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் புரோகிராமிங் சொல்லித்தருகிறேன். ஹேஷ் டேபிள் பாடம் வந்தால் அடுத்த சில நாட்களுக்கு இதே கேள்விகள்தான் வரும். எல்லாவற்றுக்கும் ஒரே உதாரணத்தை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். நம் பக்கத்து ஊர்கள் எட்டு, அவற்றின் பின்கோடுகள் எட்டு. பின்கோடைக் கொடுத்தால் ஊர்ப் பெயர் வர வேண்டும்.

```
605001  புதுச்சேரி
607001  கடலூர்
606001  விருத்தாசலம்
608001  சிதம்பரம்
607801  நெய்வேலி
607106  பண்ருட்டி
608502  பரங்கிப்பேட்டை
605110  வில்லியனூர்
```

கணக்கு எல்லாமே கையால் போட்டுப் பார்க்கக்கூடியவை. பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் நல்லது.

தேடாமல் எப்படி சார் நேரா அந்த இடத்துக்குப் போகுது? எங்கேயாவது தேடித்தானே ஆகணும்?

தேடுவதில்லை, கணக்குப் போடுகிறது. கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு. வரிசையாக அறைகள் வைத்தால், அந்த வரிசை எங்கே தொடங்குகிறது, ஒரு அறை எவ்வளவு பெரியது என்ற இரண்டு விவரம் போதும். வரிசை 5000-ல் தொடங்குகிறது, ஓர் அறைக்கு 16 பைட் என்று வையுங்கள். 10-ஆம் அறை எங்கே? 5000 + 10 × 16 = 5160. ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், அவ்வளவுதான். நடுவில் இருக்கும் அறைகளை எட்டிப் பார்க்கும் வேலையே இல்லை. பத்து அறை இருந்தாலும் பத்து லட்சம் அறை இருந்தாலும் இதே கணக்குதான்.

அப்படியானால் பின்கோடைப் பார்த்தவுடன் அறை எண் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது. பின்கோடிலிருந்து அறை எண்ணை வரவைக்கும் கணக்குதான் ஹேஷ். சேர்க்கும்போது எந்தக் கணக்கைப் போட்டு உள்ளே வைத்தோமோ, எடுக்கும்போதும் அதே கணக்கைப் போடுகிறோம். அதனால் அதே அறைக்குத்தான் வந்து நிற்போம்.

பின்கோடே ஒரு நம்பர்தானே. அதையே அறை எண்ணா வச்சுக்கிட்டா என்ன?

தாராளமாக வைக்கலாம், வேலையும் செய்யும். ஆனால் பின்கோடு ஆறு இலக்கம். 999999 வரைக்கும் இடம் விட வேண்டும். எட்டு ஊருக்காகப் பத்து லட்சம் அறை கட்டி, மீதி எல்லாவற்றையும் காலியாகப் போட்டுவைக்கும் கதை அது. எதைக் கொடுத்துத் தேடுகிறோமோ அதைக் கீ என்பார்கள்; இங்கே பின்கோடுதான் கீ. அது பத்து இலக்கக் கைப்பேசி எண்ணாகவோ ஒரு பெயராகவோ இருந்தால் இந்த வழியும் நடக்காது.

அதனால் பெரிய எண்ணைச் சின்ன எல்லைக்குள் சுருக்குகிறோம். எளிய வழி, அறைகளின் எண்ணிக்கையால் வகுத்து மீதியை எடுப்பது. 11 அறை வைத்தால், மீதி 0 முதல் 10 வரை ஏதோ ஒன்றாக இருக்கும். அதுவே அறை எண்.

```python
607001 % 11   # 10
```

கடலூர் 10-ஆம் அறைக்குப் போகிறது. மற்றவற்றையும் போட்டால் புதுச்சேரி 1, விருத்தாசலம் 0, சிதம்பரம் 9, நெய்வேலி 7, பண்ருட்டி 5, பரங்கிப்பேட்டை 4. ஏழு ஊருக்கு ஏழு தனி அறை. எட்டாவதான வில்லியனூருக்கு மட்டும் மீதி 0. அங்கே ஏற்கெனவே விருத்தாசலம் இருக்கிறது. அந்தச் சிக்கலுக்குப் பிறகு வருவோம்.

11 எதுக்கு? கம்ப்யூட்டர்னாலே 8, 16 தானே? இல்லாட்டி 10-னு முழுசா வச்சா கணக்கும் சுலபமாச்சே?

போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். 10 அறை என்றால் மீதி என்பது கடைசி இலக்கம்தான். நம் பட்டியலில் ஐந்து ஊர் 1-ல் முடிகிறது. ஐந்தும் ஒரே அறைக்கு வரும்.

8 அறை வைத்தாலும் அதே கதி. 605001, 606001, 607001, 608001 நான்குக்கும் மீதி 1. நெய்வேலியின் 607801-க்கும் மீதி 1. காரணம், 1000 என்பது 8-ஆல் சரியாக வகுபடும். அதனால் ஆயிரம் இடத்தில் 5 இருந்தாலும் 8 இருந்தாலும் மீதியில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கடைசி மூன்று இலக்கம் மட்டுமே கணக்கில் வரும். நம் பட்டியலில் நான்கு ஊருக்குக் கடைசி மூன்று இலக்கம் 001. நாடு முழுக்கவே ஊரின் தலைமைத் தபால் நிலையங்களுக்கு 001 என்று முடிவது சாதாரணம்.

11-ல் இந்தத் தொல்லை இல்லை. 1000-ஐ 11-ஆல் வகுத்தால் மீதி 10. அதாவது பின்கோடு ஒரு ஆயிரம் கூடினால் அறை எண் ஒன்று பின்னால் நகரும். 605001-க்கு 1, 606001-க்கு 0, 607001-க்கு சுற்றிக்கொண்டு 10, 608001-க்கு 9. ஒரே மாதிரி முடியும் நான்கு எண்களும் அழகாகப் பிரிந்து நிற்பது இதனால்தான்.

இந்தப் பாடத்தில் நான் முக்கியமாக நினைப்பது இதைத்தான். கீகளில் ஏதோ ஒரு ஒழுங்கு எப்போதும் இருக்கும். பின்கோடு, ரோல் நம்பர், பில் நம்பர் என்று மனிதர்கள் கொடுக்கும் எண் எதுவுமே தாறுமாறாக இருப்பதில்லை. அந்த ஒழுங்கும் அறை எண்ணிக்கையும் ஒத்துப்போய்விட்டால் எல்லாம் ஒரே இடத்தில் குவியும். பகா எண் வைத்தால் அப்படி ஒத்துப்போகும் வாய்ப்பு குறைவு.

ஆனா பைதான் 8 அறையில்தான் ஆரம்பிக்குதுன்னு படிச்சேன். அப்போ அதுக்கு இந்தப் பிரச்சினை வராதா?

வரும். பைதானில் சாதாரண முழு எண்ணின் ஹேஷ் அந்த எண்ணேதான். `hash(607001)` போட்டால் 607001 என்றே வரும். அறை எண்ணிக்கை 8, 16, 32 என்று இரண்டின் அடுக்காகவே இருக்கும். காரணம், அப்போது வகுக்க வேண்டியதில்லை. கடைசி பிட்டுகளை எடுத்தால் அதுவே மீதி. ஆகவே நம் பின்கோடுகள் அங்கேயும் முதலில் 1-ஆம் அறையில்தான் வந்து முட்டும்.

முட்டிய பிறகு என்ன செய்கிறது என்பதில்தான் அதன் திறமை இருக்கிறது. கணக்கில் முதலில் விட்டுப்போன மேல் பிட்டுகளை இப்போது உள்ளே கொண்டுவருகிறது.

```python
perturb >>= 5
i = (i*5 + perturb + 1) & mask
```

`perturb` என்பது தொடக்கத்தில் முழு ஹேஷ் எண். 8 அறைக்கு `mask` 7. புதுச்சேரி முதலில் வந்து 1-ல் உட்கார்ந்துவிட்டது. அடுத்து கடலூர் வருகிறது, அதற்கும் 1. 607001-ஐ ஐந்து பிட் தள்ளினால் 18968. 1 × 5 + 18968 + 1 = 18974; அதை 8-ஆல் வகுத்தால் மீதி 6. கடலூருக்கு 6-ஆம் அறை. விருத்தாசலத்துக்கு இதே கணக்கைப் போட்டால் 7 வருகிறது. ஒரே இடத்தில் முட்டினாலும் அடுத்த அடியில் ஆளுக்கு ஒரு பக்கம் பிரிந்துவிடுகிறார்கள்.

ரெண்டு ஊர் ஒரே அறைக்கு வந்தா ஒண்ணு இன்னொண்ணை அழிச்சிடாதா?

அழிக்காது. ஏனென்றால் அறையில் ஊர்ப் பெயரை மட்டும் வைப்பதில்லை, பின்கோடையும் சேர்த்தே வைக்கிறோம். அறைக்குப் போனதும் அங்கே இருக்கும் பின்கோடும் நாம் கேட்ட பின்கோடும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஹேஷ் எழுதத் தொடங்குபவர்கள் பலரும் மறந்துவிடும் படி இது. அதை விட்டால், வில்லியனூரைக் கேட்டவருக்கு விருத்தாசலம் என்று பதில் வரும், எந்த எர்ரரும் இல்லாமல்.

மோதலைச் சமாளிக்க இரண்டு பெரிய வழி. ஒன்று, ஓர் அறைக்குள்ளேயே ஒரு சின்னச் சங்கிலி வைத்து, வந்தவற்றை ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்ப்பது. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-ல் எழுதிய குறிப்பில் இருந்தது இந்த வழிதான். ஜாவாவின் ஹேஷ்மேப்பும் இப்படித்தான்.

இன்னொன்று, அறை நிறைந்திருந்தால் அடுத்த அறைக்குப் போவது. நம் 11 அறை டேபிளில் அதைச் செய்து பார்ப்போம். வில்லியனூருக்கு 0 வந்தது, அங்கே விருத்தாசலம். அடுத்தது 1, அங்கே புதுச்சேரி. அடுத்தது 2, காலி. அங்கே வைத்துவிடுகிறோம்.

```
0  606001  விருத்தாசலம்
1  605001  புதுச்சேரி
2  605110  வில்லியனூர்
3  -
4  608502  பரங்கிப்பேட்டை
5  607106  பண்ருட்டி
6  -
7  607801  நெய்வேலி
8  -
9  608001  சிதம்பரம்
10 607001  கடலூர்
```

எடுக்கும்போதும் அதே நடை. 605110 கேட்டால் 0-ஐப் பார், இல்லை, 1-ஐப் பார், இல்லை, 2-ல் கிடைத்துவிட்டது. மூன்று ஒப்பீடு. மற்ற ஏழு ஊருக்கும் ஒரே ஒப்பீடு.

இல்லாத பின்கோடைக் கேட்டா? அப்போ கடைசிவரைக்கும் போய்ப் பார்த்தாத்தானே இல்லைன்னு சொல்ல முடியும்?

காலி அறை ஒன்று வந்ததும் நின்றுவிடலாம். 607002 நம் பட்டியலில் இல்லை. அதற்கு மீதி 0. 0, 1, 2 மூன்றையும் பார்க்கிறோம், மூன்றுமே வேறு. 3 காலி. 607002 உள்ளே இருந்திருந்தால் இந்தக் காலி அறையைத் தாண்டிப் போயிருக்கவே முடியாது, இங்கேயே உட்கார்ந்திருக்கும். அதனால் "இல்லை" என்று உறுதியாகச் சொல்லலாம். 4 முதல் 10 வரை தொடவே இல்லை.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த கேள்விக்கு வேண்டும்.

ஒரு ஊரை எடுத்துட்டேன். அப்புறம் வேற ஒரு ஊர் காணோம்! இது எப்படி சார்?

அறையை வெறுமனே காலி செய்திருப்பீர்கள். மேலே இருக்கும் டேபிளில் புதுச்சேரியை நீக்கி 1-ஆம் அறையைக் காலியாக்குங்கள். இப்போது வில்லியனூரைத் தேடுங்கள். 0-ல் விருத்தாசலம், இல்லை. 1 காலி. காலி வந்தால் நில் என்பதுதானே சட்டம்? "வில்லியனூர் இல்லை" என்று பதில் வரும். ஆனால் வில்லியனூர் 2-ல் அப்படியே இருக்கிறது. புதுச்சேரியை நீக்கியதில் வில்லியனூருக்குப் போகும் வழி அறுந்துவிட்டது.

அதனால் நீக்கும்போது அறையைக் காலியாக்காமல் "இங்கே ஒன்று இருந்தது, இப்போது இல்லை" என்று ஒரு குறி போட வேண்டும். தேடும்போது அந்தக் குறியைக் கண்டால் நிற்காமல் அடுத்த அறைக்குப் போ. புதிதாகச் சேர்க்கும்போது கண்டால் அங்கேயே வைத்துக்கொள். ஆனால் ஒரு எச்சரிக்கை. சேர்க்கும் முன், அதே கீ இன்னும் தள்ளி எங்கேயாவது இருக்கிறதா என்று காலி அறை வரும்வரை பார்த்துவிட்டுத்தான் குறி இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே ஊர் இரண்டு தடவை பதிவாகிவிடும்.

குறிகள் அதிகமானாலும் தொல்லைதான். பாதி டேபிள் வெறும் குறியாகவே நிறைந்திருந்தால், உள்ளே ஆள் குறைவாக இருந்தும் தேடல் நீண்டுகொண்டே போகும். நிறையச் சேர்த்து நிறைய நீக்கும் புரோகிராம் நாளாக நாளாக மெதுவாகிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன். சங்கிலி முறையில் இந்தச் சிக்கலே கிடையாது. கண்ணியைக் கழற்றிவிட்டால் முடிந்தது.

அறை எல்லாம் நிறைஞ்சிட்டா என்ன பண்ணும்?

நிறையும்வரை காத்திருக்கக் கூடாது. அடுத்த அறைக்குப் போகும் முறையில், இல்லாத கீ ஒன்றைத் தேட சராசரியாக எத்தனை அறை பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஹேஷ் நன்றாகப் பரப்புகிறது என்று வைத்துக்கொண்டால், டேபிள் பாதி நிறைந்திருக்கும்போது 2.5 அறை. முக்கால் நிறைந்தால் 8.5. பத்தில் ஒன்பது பங்கு நிறைந்தால் 50.5. பாதியிலிருந்து முக்காலுக்குப் போகும்வரை பொறுத்துக்கொள்ளலாம்; அதற்குப் பிறகு ஒரேயடியாக ஏறிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்து அறைகள் நிறைந்து கொத்துக் கொத்தாகச் சேர்ந்துவிடுவதுதான் காரணம்.

அதனால்தான் பைதான் மூன்றில் இரண்டு பங்கிலும், ஜாவா 0.75-லும் பெரிய டேபிளுக்கு மாறிவிடுகின்றன. மாறும்போது பழைய அறை எண்ணை அப்படியே எடுத்துப்போக முடியாது. வகுக்கும் எண்ணே மாறிவிட்டதே! நம் டேபிளை 23 அறையாக்கினால் விருத்தாசலம் 0-லிருந்து 20-க்குப் போகும், வில்லியனூர் 3-க்கு வரும். முட்டிக்கொண்ட இரண்டும் பிரிந்துவிட்டன. ஆனால் எட்டு ஊருக்கும் மீதியைத் திரும்பப் போட வேண்டியிருந்தது.

அந்த ஒரு தடவை மட்டும் சேர்ப்பது மெதுவாக இருக்கும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அறையை இரட்டிப்பாக்கினால், ஒரு லட்சம் பதிவு சேர்க்கும்வரை நடந்த இடமாற்றம் எல்லாவற்றையும் கூட்டினாலும் இரண்டு லட்சத்தைத் தாண்டாது. பதிவுக்கு இரண்டுக்கும் குறைவு. இரட்டிப்பாக்காமல் ஒவ்வொரு தடவையும் பத்துப் பத்து அறையாகக் கூட்டினால் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும்.

ஊர்ப் பெயரையே கீயா வச்சேன். கொள்ளிடம்னு டேபிள்ல இருக்கு, கண்ணால பார்க்கிறேன். தேடினா இல்லைங்குது.

தமிழில் எழுதுபவர்களுக்கு வரும் உண்மையான பிரச்சினை இது. பெயரைக் கீயாக வைத்தால், அதன் ஒவ்வொரு எழுத்தின் யுனிகோட் எண்ணையும் கலந்து ஒரு எண் வரவைக்கிறது கம்ப்யூட்டர். அதற்குக் கண்ணில் தெரியும் உருவம் தெரியாது, எண்கள் மட்டும்தான் தெரியும். "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ஒகரக் குறியை ஒரே எண்ணாக வைக்கலாம். அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனி எண்ணாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

```python
a = "க\u0bcaள்ளிடம்"
b = "க\u0bc6\u0bbeள்ளிடம்"
print(len(a), len(b))   # 9 10
print(a == b)           # False
```

சமமே இல்லை என்றால் ஹேஷும் வேறு, அறையும் வேறு. தற்செயலாக ஒரே அறைக்கு வந்தாலும் ஒப்பீட்டில் தோற்றுவிடும். நீளத்தை அச்சிட்டுப் பார்த்தால் 9-க்கும் 10-க்கும் உள்ள வித்தியாசத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும். தீர்வு, சேர்க்கும்போதும் தேடும்போதும் இரண்டு இடத்திலும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது.

```python
import unicodedata
key = unicodedata.normalize("NFC", key.strip())
```

`strip()` எதற்கென்றால், எக்செல்லிலிருந்து எடுத்த பெயர்களின் வாலில் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டு வருவது அடிக்கடி நடக்கும். அதுவும் இதே மாதிரிதான் கண்ணுக்குத் தெரியாமல் கீயை மாற்றிவிடும்.

`hash("கடலூர்")` போட்டா ஒவ்வொரு தடவையும் வேற நம்பர் வருது. அப்புறம் எப்படி அதே அறைக்குப் போகும்?

ஒரே ஓட்டத்துக்குள் மாறாது. புரோகிராமை மூடித் திரும்ப ஓட்டினால்தான் மாறும். அப்போது டேபிளும் புதிதாகத்தானே உருவாகிறது, அதனால் குழப்பமில்லை.

வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறார்கள். ஹேஷ் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததாகவும் மாறாததாகவும் இருந்தால், ஒரே அறைக்கு வரும் கீகளைத் தேடிப்பிடிப்பது கெட்ட எண்ணம் உள்ளவருக்குச் சுலபம். ஜாவாவில் `"Aa"`, `"BB"` இரண்டுக்கும் ஹேஷ் 2112. இந்த இரண்டை மாற்றி மாற்றி ஒட்டினாலே ஒரே ஹேஷ் உள்ள சொற்கள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். அவற்றை ஒரு வெப்சைட்டின் படிவத்தில் ஆயிரக்கணக்கில் அனுப்பினால், எல்லாம் ஓர் அறையில் குவிந்து, ஒவ்வொன்றையும் சேர்க்க முன்னால் வந்த எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டிவரும். சர்வர் அதிலேயே மூழ்கிவிடும். 2011 டிசம்பரில் ஒரு மாநாட்டில் பல மொழிகளில் இது சாத்தியம் என்று காட்டினார்கள். பைதான் 3.3 முதல் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு ரகசிய எண்ணைக் கலப்பது தானாகவே நடக்கிறது. ஜாவா 8 வேறு வழியில் போனது. ஓர் அறைச் சங்கிலி மிகவும் நீண்டால் அதை வரிசைப்படுத்திய மரமாக மாற்றிவிடும்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. `hash()` தரும் எண்ணை ஃபைலிலோ டேட்டாபேஸிலோ எழுதிவைக்காதீர்கள். நாளை அது பொருந்தாது.

607-ல ஆரம்பிக்கிற ஊர் எல்லாம் வேணும்னா ஹேஷ் டேபிள்ல எப்படி எடுக்கிறது?

முழு டேபிளையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 607001 இருப்பது 10-ல், 607106 இருப்பது 5-ல், 607801 இருப்பது 7-ல். பக்கத்தில் இருந்த எண்களைப் பிரித்துப் போடுவதற்குத்தானே இவ்வளவு பாடுபட்டோம்? அதே காரணத்தால் "இதற்கு அடுத்த பின்கோடு எது", "இதிலிருந்து இதுவரை" என்ற கேள்விகளுக்கு ஹேஷ் டேபிளில் குறுக்குவழி கிடையாது.

அந்த மாதிரிக் கேள்விகள் அடிக்கடி வருமென்றால் பின்கோடு வரிசையில் அடுக்கிய பட்டியல் போதும். நடுவில் பார்த்து, பாதியை ஒதுக்கி, திரும்ப நடுவில் பார்த்துத் தேடினால் ஒரு லட்சம் பதிவில் 17 ஒப்பீட்டுக்குள் 607000 எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். அங்கிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டே போகலாம். போஸ்ட்கிரெஸ் மாதிரியான டேட்டாபேஸில் இண்டெக்ஸ் கேட்டால் ஹேஷைத் தராமல், கீகளை வரிசையாகவே வைத்திருக்கும் பி-ட்ரீயைத் தருவதற்கும் இதுதான் காரணம். ஹேஷ் இண்டெக்ஸ் வேண்டுமென்றால் தனியாகக் கேட்க வேண்டும், அது `=` ஒப்பீட்டுக்கு மட்டும்தான் உதவும்.